மகளைத் தேடும் தாயும் தானே நிற்கும் காரும்: கதைக்குள் ஒளிந்திருக்கும் விளம்பரத்தை எப்படிக் கண்டுகொள்வது?

மாலைநடை | மார்ச் 3, இரவு 10.15

ஒரு துப்பறியும் தொடரின் நான்காம் பகுதியில் வரும் ஒரு காட்சியைப் பற்றிக் கேட்க வேண்டும். என் சந்தேகம் தவறாக இருந்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவளாகிவிடுவேன் என்பதால் தொடரின் பெயரைச் சொல்லவில்லை.

ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போய் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. தாய் காரில் ஏறி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் உள்ள திரையைத் தொடுகிறாள். மகளின் கைக்கடிகாரம் கடைசியாக இருந்த இடம் வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரிகிறது. "நம் வண்டி அவளுடைய கடிகாரத்தோடு இணைந்திருக்கிறது, எங்கே இருந்தாலும் காட்டிவிடும்" என்று பக்கத்தில் இருக்கும் கணவனிடம் சொல்கிறாள். இருவரும் அந்த இடத்துக்கு விரைகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள். கார் தானாகவே இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னால் சென்று நிற்கிறது. அதன் பிறகுதான் இறங்கி ஓடுகிறார்கள்.

முதல் முறை பார்த்தபோது அழுதேன். இரண்டாம் முறை பார்த்தபோது, அழுத நேரத்தில் யாரோ என் பையில் கைவிட்டதைப் போன்ற ஓர் உணர்வு வந்தது. காரின் லோகோ 11 விநாடிகள் திரையின் நடுவிலேயே இருக்கிறது, ஆனால் தெருவில் நிற்கும் மற்ற வண்டிகளின் லோகோக்கள் எல்லாம் மறைக்கப்பட்டிருக்கின்றன. இது பணம் வாங்கிக்கொண்டு எடுத்த காட்சி என்றே நம்புகிறேன். திரையைப் பார்த்து மட்டும் இதை உறுதி செய்ய வழி உண்டா?

தூண்டில் | மார்ச் 3, இரவு 10.52

இதில் சந்தேகமே வேண்டாம். ஒரு நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதன் பொருளைத் திரையில் காட்டினால் வழக்குப் போடுவார்கள். அனுமதி என்றாலே ஒப்பந்தம், ஒப்பந்தம் என்றாலே பணம். பணம் தராதவர்களின் லோகோவை மறைத்திருக்கிறார்கள், தந்தவரின் லோகோவைக் காட்டியிருக்கிறார்கள். எந்தப் பெயர் தெளிவாகத் தெரிகிறதோ அது விளம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிழற்படலம் | மார்ச் 4, காலை 6.30

கலைத்துறையில் செட் பிராப்பர்ட்டி பார்ப்பவனாகப் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், தூண்டில் சொன்னதில் பாதியைத் திருத்த விரும்புகிறேன்.

ஒரு பொருளை அது வழக்கமாகப் பயன்படும் விதத்திலேயே காட்டுவதற்குப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படுவதில்லை. இழிவுபடுத்தினாலோ, அந்த நிறுவனமே படத்துக்கு ஆதரவு தருவதாகத் தோன்றச் செய்தாலோதான் சிக்கல் வரும். இருந்தும் நாங்கள் லேபிள்களை ஒட்டி மறைக்கிறோம், ஏனென்றால் தயாரிப்பாளரின் வழக்கறிஞருக்கு எந்தத் தலைவலியும் வேண்டாம், ஒளிபரப்பும் சேனலுக்கோ தன்னிடம் விளம்பரம் தரும் நிறுவனத்தின் போட்டியாளர் கதைக்குள் இலவசமாகத் தெரியக் கூடாது. ஆகவே மறைக்கப்பட்ட லோகோவை வைத்து, தெரிகிற லோகோவுக்குப் பணம் கைமாறியது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு பக்கம், பணமே கைமாறாமல் ஒரு பிராண்டு ஒரு படம் முழுவதையும் நிறைத்துவிட முடியும். 2000-இல் வந்த 'காஸ்ட் அவே' படத்தின் நாயகன் ஃபெடெக்ஸ் ஊழியன். படம் நெடுக அந்தப் பெயர் வருகிறது, அந்நிறுவனத்தின் தலைவரே தன் சொந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். அந்நிறுவனம் தன்னைக் காட்டுவதற்காகப் பணம் தரவில்லை. விமானம், வண்டி, இடம் என்று படப்பிடிப்புக்கு உதவி செய்தது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கும். நாற்பது நாள் படப்பிடிப்புக்கு மூன்று கார்களை வாடகையில்லாமல் ஒருவர் தருகிறார் என்றால், அந்தத் தொகை பட்ஜெட்டில் எங்கே மிச்சமாகும் என்று பாருங்கள்.

வேறொரு வகையில் பணம் படத்துக்கு உள்ளே வராது, வெளியே செலவாகும். 1982-இல் 'ஈ.டி.' படத்துக்காக முதலில் மார்ஸ் நிறுவனத்தை அணுகினார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹெர்ஷி நிறுவனம் ஒப்புக்கொண்டு ரீசஸ் பீசஸ் மிட்டாயைத் தந்தது. படத்தில் இடம்பெறுவதற்காக அது தொகை கொடுக்கவில்லை. தன் சொந்தச் செலவில் பத்து லட்சம் டாலர் அளவுக்குப் படத்தோடு சேர்த்து விளம்பரம் செய்வதாக உறுதி கொடுத்தது, பதிலுக்கு அந்த விண்வெளி உயிரினத்தின் உருவத்தைத் தன் விளம்பரங்களில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. இதைத்தான் எங்கள் வட்டாரத்தில் 'டை-அப்' என்போம். அதனால் "பணம் வாங்கினார்களா" என்று கேட்பதைவிட, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பதே சரியாக இருக்கும்.

அரும்புநிலா | மார்ச் 4, பகல் 1.05

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் அப்பா ஒரு குறிப்பிட்ட பிராண்டுத் தட்டச்சுப்பொறியில்தான் எழுதுவார், என் அப்பாவும் அதையேதான் வைத்திருந்தார். பெயரை எழுதினால் நானும் மறைமுக விளம்பரம் செய்தவளாகிவிடுவேனா? நீக்கிவிட வேண்டுமா?

மாலைநடை | மார்ச் 4, இரவு 9.20

அரும்புநிலா, நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, ஆகவே நீக்காதீர்கள். நாவலிலும் விளம்பரம் நுழைந்திருக்கிறது என்பது மட்டும் உண்மை. 2001-இல் ஃபே வெல்டன் 'தி பல்காரி கனெக்‌ஷன்' என்ற நாவலை அந்த நகை நிறுவனத்திடம் பணம் பெற்றுக்கொண்டு எழுதினார். குறைந்தது 12 இடங்களில் பெயர் வர வேண்டும் என்பது ஒப்பந்தம், அவர் அதைவிட அதிகமாகவே எழுதினார். அதில் நிறுவனத்தின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. 2006-இல் பதின்ம வயதினருக்காக வந்த 'கேத்தீஸ் புக்' வேறு வகை. ஓர் அழகுசாதன நிறுவனத்தின் பொருள்களின் பெயர்கள் அதற்குள் சேர்க்கப்பட்டன, பதிலுக்கு அந்த நிறுவனத்தின் குழுமம் தன் இணையதளத்தில் புத்தகத்தை விளம்பரப்படுத்தியது. பின்னால் வந்த மலிவுப் பதிப்பில் அந்தப் பெயர்களை எடுத்துவிட்டார்கள்.

இந்த இரண்டாவது புத்தகத்திலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. பெயரை எடுத்த பிறகும் கதை அப்படியே நிற்கிறது என்றால், அந்தப் பெயர் கதைக்காக வந்ததில்லை. உங்கள் அப்பாவின் தட்டச்சுப்பொறியை எடுத்துவிட்டு "ஒரு தட்டச்சுப்பொறி" என்று எழுதிப் பாருங்கள். ஏதாவது குறைகிறதா?

அரும்புநிலா | மார்ச் 4, இரவு 9.48

குறைகிறது. அந்த இயந்திரத்தில் ஓர் எழுத்து மட்டும் எப்போதும் சற்று மேலேறி விழும், மகள் அதை வைத்துத்தான் அப்பாவின் கடிதம் எது என்று கண்டுபிடிக்கிறாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்கு அந்த இயந்திரத்தின் பழுதுதான் தேவை, பிராண்டின் பெயர் தேவையில்லை. அப்படியும் பெயரை விட்டுவிட எனக்கு மனமில்லை.

நிழற்படலம் | மார்ச் 5, காலை 6.10

பழுது என்று நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிராண்டுக்காரர்கள் அனுப்பும் நிபந்தனைத் தாளை நான் பலமுறை கையில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். ஒரே பக்கம்தான் இருக்கும். பொருளின் பெயர் கேமராவை நோக்கி இருக்க வேண்டும், இத்தனை விநாடிக்குக் குறையாமல் தெரிய வேண்டும், முதன்மைக் கதாபாத்திரத்தின் கையில் இருக்க வேண்டும், பழுதாவதாகவோ யாருக்கும் தீங்கு செய்வதாகவோ காட்டக் கூடாது, கெட்டவன் பயன்படுத்தக் கூடாது என்றிருக்கும். இயக்குநர் ரையன் ஜான்சன் 2020-இல் ஒரு பேட்டியில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: ஆப்பிள் தன் ஐபோனைப் படங்களில் பயன்படுத்த விடும், ஆனால் கெட்டவன் கையில் அது கேமராவுக்குத் தெரியக் கூடாது. மர்மக்கதை எடுக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பிராண்டுப் பெயரோடு ஒரு பொருள் கதைக்குள் கெட்டுப்போகிறது, எழுத்து மேலேறி விழுகிறது என்றால், அதன் பின்னால் ஒப்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தன்னைச் சுற்றி எல்லாமே உடைந்துகொண்டிருக்கும்போது எப்போதும் சொன்னபடி கேட்கிற பொருளைத்தான் கவனிக்க வேண்டும்.

செட்டில் இன்னொன்றும் நடக்கும். பாட்டிலை எடுத்துக் குடிக்கும்போது மனிதக் கை லேபிளை இயல்பாகவே மூடும். ஒப்பந்தம் இருந்தால் நடிகரிடம் கீழ்ப்பகுதியைப் பிடிக்கச் சொல்வோம், வைக்கும்போது பெயர் எங்கள் பக்கம் திரும்பும்படி வைக்கச் சொல்வோம். ஒவ்வொரு டேக் முடிந்ததும் நான் ஓடிப்போய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி திருப்பி வைப்பேன். காட்சியில் நான்கு முறை எடுத்து வைத்தும் நான்கு முறையும் பெயர் உங்களையே பார்த்தால், என்னைப் போன்ற ஒருவன் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மாலைநடை | மார்ச் 5, இரவு 11.30

நேரம் அளந்துகொண்டே அந்தக் காட்சியை மூன்றாம் முறை பார்த்தேன். முதல் பதிவில் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. லோகோ 11 விநாடிகள் நடுவில் இருக்கிறது என்றேன். உண்மையில் நான்கு விநாடிகள்தான், அதுவும் ஓரத்தில். கோபத்தில் நினைவு பெரிதாக்கிவிட்டிருக்கிறது. லோகோவையே துரத்திக்கொண்டிருந்ததால், கண்ணுக்கு நேராக இருந்த வேறு இரண்டைத் தவறவிட்டிருக்கிறேன்.

முதலாவது அந்த வசனம். "நம் வண்டி அவளுடைய கடிகாரத்தோடு இணைந்திருக்கிறது" என்று மனைவி கணவனிடம் சொல்கிறாள். ஆனால் இரண்டாம் பகுதியில் அந்தக் காரை ஓட்டுகிறவனே அவன்தான், கடிகாரத்தை மகளுக்கு வாங்கித் தந்தவனும் அவன்தான். அவனுக்குத் தெரிந்ததையே அவனிடம் சொல்கிறாள் என்றால், அது அவனுக்காகச் சொல்லப்படவில்லை, எனக்காகச் சொல்லப்படுகிறது.

இரண்டாவது, கார் தானாக நிற்கிற இடம். 19 விநாடிகள். மகள் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த ஒரு தாய், வண்டியை நடுத்தெருவில் போட்டுவிட்டுக் கதவைக்கூட மூடாமல் ஓடியிருப்பாள். இவளோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு 19 விநாடிகள் காத்திருக்கிறாள். அவளுடைய பதற்றம் முழுவதும் அந்த நேரத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது, வண்டி நின்ற கணத்தில் மீண்டும் தொடங்குகிறது. இரண்டாம் முறை பார்த்தபோது என்னை உறுத்தியது இதுதான் என்று இப்போது புரிகிறது. கதாபாத்திரத்தின் தேவை எந்த இடத்தில் நின்று பொருளின் தேவை தொடங்குகிறது என்று பார்ப்பதுதான், லோகோவை எண்ணுவதைவிட எனக்கு நம்பகமான வழியாகத் தோன்றுகிறது.

அரைவிளக்கு | மார்ச் 6, காலை 8.00

வசனத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பார்வையாளருக்குப் புரிய வைப்பதற்காகத் தெரிந்ததையே பேசிக்கொள்வது எழுத்தாளர்களின் பழைய பலவீனம். "உனக்குத்தான் தெரியுமே, நம் தம்பி இறந்து ஐந்து வருடம் ஆகிறது" என்று பேசாத தொடர் எது? அதற்கெல்லாம் எந்த நிறுவனமும் பணம் தந்ததில்லை.

மாலைநடை | மார்ச் 6, காலை 8.40

நியாயமான பேச்சு. அப்படியானால் வசனம் சொல்லும் செய்தி பிறகு கதையில் பயன்படுகிறதா என்று பார்க்கலாம். தம்பி இறந்த செய்தி பிறகு எங்காவது தேவைப்படும். இந்தத் தொடரில் கடிகாரத்தின் நீலப் புள்ளி ஆறாம் பகுதியில் மறுபடி வருகிறது, கடத்தியவன் கடிகாரத்தைக் கழற்றி வேறொருவர் பையில் போட்டதால்தான் போலீஸ் திசை மாறுகிறது. அதனால் அந்த வசனத்தைக் கதைக்கே விட்டுவிடுகிறேன். தானாக நிற்கும் வசதியோ எட்டுப் பகுதிகளில் வேறெங்கும் வருவதில்லை, அதை எடுத்துவிட்டால் யாருடைய முடிவும் மாறாது. ஒரே காட்சியில் பாதி கதையாகவும் பாதி விளம்பரமாகவும் இருக்க முடியும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

தூண்டில் | மார்ச் 6, மாலை 7.15

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். நான் பார்த்தேன், 'வாகன உதவிக்கு நன்றி' என்று அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பிரிட்டனில் இதற்கு ஒரு சின்னமே உண்டு. 2011 பிப்ரவரியில் அங்கே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பணம் பெற்றுப் பொருள்களைக் காட்ட அனுமதித்தபோது, நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் விளம்பர இடைவேளைக்குப் பிறகும் 'பி' என்ற எழுத்துச் சின்னம் தெரிய வேண்டும் என்று விதித்தார்கள். செய்திகளிலும் சிறுவர் நிகழ்ச்சிகளிலும் அது அறவே கூடாது. எல்லா இடத்திலும் இப்படிச் சட்டம் வந்தால் பிரச்சினை தீர்ந்தது.

மாலைநடை | மார்ச் 6, இரவு 9.05

பட்டியலைத் தேடிப் பார்த்ததற்கு நன்றி, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் பார்க்கும் செயலியில் பட்டியல் தொடங்கியதுமே படம் சிறிய கட்டமாகச் சுருங்கி அடுத்த பகுதி ஓட ஆரம்பித்துவிடுகிறது. அந்த நன்றியை வாசிக்க நான் ரிமோட்டோடு போராட வேண்டியிருந்தது. வாசித்த பிறகும் கார் தந்தார்கள் என்று மட்டும்தான் தெரிகிறது. எந்தக் காட்சியில் அவர்கள் சொல் செல்லுபடியானது என்று தெரியவில்லை. பிரிட்டனின் சின்னமும் நிகழ்ச்சிக்குள் ஏதோ இருக்கிறது என்றுதான் எச்சரிக்கும், எது என்று சுட்டாது. கண்டுபிடிக்கும் வேலை அப்போதும் நமக்கே மிச்சமிருக்கிறது.

நிழற்படலம் | மார்ச் 7, காலை 6.25

மாலைநடை சொன்ன முறைக்கு ஒரு வரம்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது படப்பிடிப்பு முடிந்த பிறகு கணினியில் பொருளைச் சேர்க்கிறார்கள். வெறும் மேசையாகப் படமாக்கியிருப்பார்கள், பின்னால் அதில் ஒரு டப்பா வந்து உட்காரும். வெற்றுச் சுவரில் ஒரு விளம்பரப் பலகை முளைக்கும். ஒரே காட்சியில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு பொருள்களை வைக்கவும் இதில் வழி உண்டு. இந்த வகையில் கதாபாத்திரத்தின் நடத்தை மாறவே மாறாது, அதனால் தாயின் 19 விநாடிகளைப் போன்ற தடயம் கிடைக்காது.

இங்கே பார்க்க வேண்டியது நேர் எதிரானது. நாங்கள் செட்டில் வைக்கும் பொருளை நாயகன் தொட்டே ஆக வேண்டும், கணினியில் சேர்த்த பொருளையோ யாரும் தொடுவதில்லை. ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசையில், எல்லாப் பாத்திரங்களும் இடம் மாறிக்கொண்டே இருக்க, ஒரு டப்பா மட்டும் ஒருவர் கையும் படாமல் அசையாமல் நிற்கும். வேலை சரியாக வரவில்லை என்றால் அதன் நிழல் மற்றவற்றின் நிழலைப் போல விழாது, பளபளப்பான மேசையில் பிரதிபலிப்பு இருக்காது. நன்றாகச் செய்திருந்தால் என்னாலும் சொல்ல முடியாது.

அரைவிளக்கு | மார்ச் 7, பகல் 12.10

எல்லாம் சரி, இதில் என்ன குற்றம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உண்மையான வாழ்க்கையில் பொருள்களுக்குப் பெயர் இருக்கிறது. பெயரில்லாத டப்பாவும் லோகோ இல்லாத காரும் திரையில் வந்தால் அதுதான் பொய்யாகத் தெரிகிறது. அந்தக் கார்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் இந்தத் தொடரையே எடுக்க முடிந்தது என்றும் இருக்கலாம். அறிந்த பெரியவர்களுக்கு இதனால் என்ன இழப்பு?

மாலைநடை | மார்ச் 8, இரவு 10.40

பெரியவர்களுக்கு என்ன இழப்பு என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், சரியான பதில் கிடைக்கவில்லை. என்னை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது எது என்பதை மட்டும் சொல்கிறேன், முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் காட்சியை முதல் முறை பார்த்தபோது என் மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் வயது ஒன்பது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா, நான் தொலைந்துபோனால் நம் கார் என்னைக் கண்டுபிடிக்காது, இல்லையா?" என்று கேட்டாள். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அந்தக் காட்சி அவளுக்குக் காரை விற்கவில்லை. காரின் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. ஆனால் அந்தக் கார் இல்லாத வீட்டில் ஏதோ பாதுகாப்புக் குறைவு இருக்கிறது என்ற எண்ணத்தை அவள் மனத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இடைவேளை விளம்பரமாக வந்திருந்தால், "விளம்பரத்தில் அப்படித்தான் சொல்வார்கள்" என்று அவளே சிரித்திருப்பாள், அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு. கதைக்குள் வந்ததால் அந்தக் காவல் எழவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு, அது அவள் வயதுக்கான தொடரும் இல்லை.

அரைவிளக்கு | மார்ச் 8, இரவு 11.15

குழந்தையின் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பெரியவர்களைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் கணக்குப்படி பார்த்தால், அவளைப் பயமுறுத்தியது தானாக நிற்கும் 19 விநாடிகள் இல்லையே. நீங்கள் கதைக்கே விட்டுக்கொடுத்த நீலப் புள்ளிதானே?

மாலைநடை | மார்ச் 9, காலை 7.05

ஆம். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதைக்குத் தேவைப்படும் அளவுக்கு ஆழமாகப் பின்னப்பட்ட பொருளை என் சோதனைகள் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகின்றன, அப்படிப் பின்னப்பட்டதுதான் மனத்தில் அதிகம் தங்குகிறது. நீலப் புள்ளி எழுத்தாளருக்குத் தோன்றிய யோசனையா, கார் நிறுவனத்தின் தாளில் இருந்த வரியா? நிழற்படலம், திரையை வைத்து இதைச் சொல்ல முடியுமா?

நிழற்படலம் | மார்ச் 9, இரவு 8.50

சொல்ல முடியாது. கதை விவாதத்தின்போதே பிராண்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தால் அது கேமராவுக்கு வரும்போது கதையாகவே வந்திருக்கும், என்னைப் போன்றவர்களின் கைக்குத் தாள்கூட வராது.

உங்கள் தொடர் எது என்று ஊகித்து ஏழாம் பகுதியைப் பார்த்தேன். 31-ஆம் நிமிடத்தில் அதே கார் விபத்துக்குள்ளாகிறது. அதுவரை எல்லாக் காட்சிகளிலும் முன்பக்கத்திலிருந்து காட்டப்பட்ட காரை, மோதிய பிறகு பின்பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் மட்டுமே காட்டுகிறார்கள். ஒரே ஒரு ஷாட்டில் முன்பக்கம் தெரிகிறது, அதில் லோகோ இருக்கும் இடத்தில் கனமாகச் சேறு அப்பியிருக்கிறது. காற்றுப்பைகள் மட்டும் தெளிவாக விரிந்திருக்கின்றன, உள்ளே இருந்தவருக்குக் கீறல்கூட இல்லை. மழைக் காட்சி என்பதால் சேறு இயல்பாகவே பட்டிருக்கலாம். ஆனால் பம்பரிலும் விளக்குகளிலும் சேறு இல்லை.